டாம் பலகையில் மூன்று காய் வெட்டு: கதைக்குள் அதைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: பினாங்கில் ஒரு வீட்டு வராண்டா. இரண்டு பழைய நண்பர்கள் டாம் விளையாடுகிறார்கள். ஒரே தாவலில் மூன்று காய்களை வெட்டும் வழி ஒருவர் கண்ணில் படுகிறது. இதுதான் என் சிறுகதை. ஆனால் அந்த இடம் வரும்போது மந்திரம் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஆடத் தெரிந்தவர்கள் படித்தாலும் நம்பும்படி எழுத என்ன செய்யவேண்டும்?

பதில்:

மந்திரம் போல வருவதற்குக் காரணம், மூன்று காய்களும் ஏற்கெனவே வெட்டுக்குத் தயாராக நிற்பதாக நீங்கள் வைத்துக்கொள்வதுதான். ஓரளவு ஆடத் தெரிந்த யாரும் அப்படி நிற்கவிட மாட்டார்கள். உண்மையான ஆட்டத்தில் அந்த வெட்டு உண்டாக்கப்படுகிறது. ஒருவர் தன் காய் ஒன்றை வேண்டுமென்றே எதிராளியின் வாயில் கொடுக்கிறார். டாமில் எதிராளியின் காயைக் குறுக்காகத் தாண்டி அதற்கு அடுத்த காலிக் கட்டத்தில் இறங்குவதுதான் வெட்டு. அது கட்டாயம் என்பதால் எதிராளி அதை வெட்டியே ஆகவேண்டும். வெட்டிய காய் போய் இறங்கும் இடம்தான் கொடுத்தவர் முன்பே குறித்து வைத்திருந்த இடம். அதாவது அந்த நண்பர் கண்டுபிடிப்பது மூன்று வெட்டை மட்டுமல்ல. எந்தக் காயைக் கொடுத்தால் அது வரும் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறார். கதையின் உயிர் அங்கே இருக்கிறது.

ஆகவே முதலில் ஒரு நிலையைப் பலகையில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் எண் எதுவும் வரவேண்டியதில்லை. ஆனால் உங்கள் மேசையில் அந்த நிலை இருக்கவேண்டும். இருந்தால்தான் கை எந்தப் பக்கம் போகிறது, கண் எங்கே நிற்கிறது என்று பொய்யில்லாமல் எழுத வரும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டாம் பெரும்பாலும் 12-க்கு 12 கட்டம் உள்ள பெரிய பலகையில், ஆளுக்கு 30 காய் வைத்து ஆடப்படுவது. பெரிய பலகை இல்லாத வீட்டில் சதுரங்கப் பலகையிலேயே ஆளுக்கு 12 காய் வைத்து ஆடிவிடுவார்கள். உங்கள் கதைக்குச் சின்னப் பலகையே நல்லது. வாசகரின் மனம் 64 கட்டத்தைத் தாங்கும், 144-ஐத் தாங்காது. காய்களுக்குப் பாட்டில் மூடிகள் போதும். ஒருவருடையது நிமிர்ந்த மூடி, மற்றவருடையது கவிழ்ந்த மூடி. நிமிர்ந்த மூடிக்காரரைச் செல்லையா என்றும், கவிழ்ந்த மூடிக்காரரை மாரிமுத்து என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது செல்லையாவின் பக்கம் உட்காருங்கள். உங்கள் இடது கை மூலைக் கட்டம் கறுப்பாக இருக்கட்டும். ஆட்டம் கறுப்புக் கட்டங்களில் மட்டும்தான் நடக்கும், ஒரு வரிசைக்கு நான்கு. எதிர்முனையில், மாரிமுத்துவின் மடியை ஒட்டிய வரிசையில், இடமிருந்து வலமாக 1 முதல் 4 வரை எண்ணுங்கள். அடுத்த வரிசை 5 முதல் 8. இப்படியே வந்தால் உங்கள் மடியை ஒட்டிய கடைசி வரிசை 29 முதல் 32. ஆங்கில முறை ஆட்டத்தில் சின்னப் பலகைக்கு இந்த எண் முறைதான் புழக்கத்தில் இருக்கிறது.

செல்லையாவின் காய்கள் 20, 21, 22, 23, 27, 32-இல் நிற்கட்டும். மாரிமுத்துவின் காய்கள் 1, 3, 7, 11, 12, 14-இல். ஆளுக்கு ஆறு, ஆட்டம் சமம். மாரிமுத்து ஆடவேண்டிய முறை. அவர் 11-இல் இருந்ததை 15-க்குத் தள்ளுகிறார். பார்க்க நல்ல ஆட்டம்தான். 14-உம் 15-உம் நடுவில் ஜோடியாக நிற்கின்றன, அவருடைய வீட்டு வரிசையில் 1-உம் 3-உம் அசையாமல் காவல் இருக்கின்றன. வீட்டு வரிசையில் இந்த இரண்டையும் விட்டுவைப்பது அனுபவமுள்ளவர்கள் பலரும் செய்வது. இந்த இரண்டு இருந்தால் எதிராளி உள்ளே நுழைவது கடினம். ஆனால் இரண்டுக்கும் நடுவே 2 காலியாக இருக்கும். இப்போது 11-உம் காலி. தவறு அதுதான்.

செல்லையா 23-இல் இருப்பதை 18-க்குத் தள்ளுகிறார். மாரிமுத்துவின் 14, 15 இரண்டுக்கும் முன்னால், அந்தக் காய் தனியாகப் போய் நிற்கிறது. 15-ஆல் அதை வெட்ட முடியாது. வெட்டினால் 22-இல் இறங்கவேண்டும், அங்கே செல்லையாவின் காய் இருக்கிறது. 14-ஆல் முடியும், ஏனென்றால் 23 இப்போதுதான் காலியானது. வேறு வெட்டு கிடையாது. ஆகவே 14 தாவி, 18-இல் இருந்ததைத் தூக்கி, 23-இல் இறங்குகிறது. அங்கிருந்து மேலும் தாவ அதற்கு வழியில்லை. 27 பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தாண்டினால் இறங்கவேண்டிய 32-இல் செல்லையாவின் இன்னொரு காய் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது 27 கிளம்புகிறது. 23-ஐத் தாண்டி 18-இல் இறங்குகிறது. அங்கிருந்து 15-ஐத் தாண்டி 11-இல். அங்கிருந்து 7-ஐத் தாண்டி 2-இல். 1-க்கும் 3-க்கும் நடுவே, மறுகரையில். மூன்று காய் போயிற்று, தாவிய காய் ராஜாவும் ஆயிற்று. மலாய் நண்பர்கள் டாம் ஹாஜி என்று சொல்லும் ஆட்டத்தில் இப்படி மறுகரை சேர்ந்த காய்க்கு ஹாஜி என்று பெயர். ஒன்றைக் கொடுத்து மூன்றை எடுத்தாயிற்று. மிஞ்சியது செல்லையாவுக்கு ஐந்து, மாரிமுத்துவுக்கு மூன்று.

இந்தத் தாவலின் வழியை விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முதலில் இடது பக்கம், அப்புறம் வலது, மறுபடி இடது. வளைந்து வளைந்து போகிறது. ஆட்டக்காரர்கள் இதைத் தவறவிடுவதற்கு முக்கியக் காரணம் இந்த வளைவுதான். கண் இயல்பாக நேர்கோட்டில் ஓடும். இரண்டாவது தாவலில் திசை மாறும் இடத்தில் அது நின்றுவிடும்.

இதை ஒருவர் எப்படிக் காண்கிறார் என்பதுதான் உங்கள் கதைக்கு வேண்டிய பகுதி. தேர்ந்த ஆட்டக்காரர் தன் காய்களிலிருந்து தொடங்க மாட்டார். எதிராளி ஆடி முடித்ததும் அந்தக் காய் விட்டுவந்த இடத்தைத்தான் பார்ப்பார். போன இடத்தைவிட விட்ட இடம் அதிகம் பேசும். இங்கே 11 காலி. அதற்கு மேலே 7, அதற்கு மேலே காலியான 2. சரி, 11-க்கு என் காய் ஒன்று வந்தால் மறுகரை சேர்ந்துவிடும். 11-க்கு எப்படி வருவது? 15-ஐத் தாண்டி, 18-இலிருந்து. 18-க்கு எப்படி வருவது? 27-இலிருந்து, ஆனால் இடையில் 23-இல் எதிராளியின் காய் இருக்கவேண்டும். அங்கே இருப்பதோ என் காய். அதை எடுத்துவிட்டு அவன் காயை அங்கே எப்படி வரவழைப்பது? அப்போதுதான் பொறி தட்டும். அந்தக் காயையே கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே நகர்வில் நடந்துவிடும். இப்படிக் கடைசியிலிருந்து முதலுக்குப் பின்னோக்கி வருவதுதான் உண்மையான யோசனை. கதையிலும் இதே வரிசையில் எழுதுங்கள்.

கண்டுபிடித்ததும் உடனே ஆடுபவர் தேர்ந்தவர் அல்ல. அடுத்து வருவது சரிபார்ப்பு. இந்த நிலையில் சரிபார்க்கவேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: 32-இல் காய் இருக்கிறதா? அது மட்டும் முன்பே நகர்ந்து போயிருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். மாரிமுத்துவின் காய் 18-ஐ வெட்டி 23-இல் இறங்கி, நிற்காமல் 27-ஐயும் வெட்டி 32-இல் போய் ராஜா ஆகிவிடும். இரண்டு காய் கொடுத்தும் கையில் ஒன்றுமில்லை. அதேபோல் அவசரத்தில் 23-க்குப் பதிலாக 22-ஐ 18-க்குத் தள்ளினாலும் வீண். அப்போது வெட்டுவது 15, அது காலியான 22-இல் இறங்கும், அதைத் திருப்பி வெட்ட அங்கே செல்லையாவுக்கு ஆளே இல்லை. ஒரே கட்டத்துக்குப் போகும் இரண்டு காய்களில் ஒன்று ஆட்டத்தை வெல்லும், மற்றது ஒரு காயை இழக்கும். வாசகருக்கு இந்தப் பதற்றம் தெரியவேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வெட்டக் கிடைத்தும் வெட்டாமல் விட்டால் என்ன தண்டனை? பழைய ஆங்கில விதியில், வெட்டியிருக்க வேண்டிய காயை எதிராளி பலகையிலிருந்து தூக்கிவிடலாம். தூக்கிவிட்டுத் தன் ஆட்டத்தையும் ஆடுவார். போட்டிகளில் இந்த விதி கைவிடப்பட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. வீட்டு ஆட்டங்களில் இன்னும் பிழைத்திருக்கிறது. இதில் ஒரு ஓட்டை உண்டு. பொறி இருப்பது தெரிந்துவிட்டால், வேண்டுமென்றே வெட்டாமல் வேறு காயை நகர்த்தி, தண்டனையாக ஒரே ஒரு காயை இழந்து தப்பிக்கலாம். இங்கே மாரிமுத்து 15-ஐ 19-க்குத் தள்ளிவிட்டால் தாவலின் நடுப்படி காணாமல் போய்விடும். செல்லையா 14-ஐத் தூக்குவார், அவ்வளவுதான். ஆறுக்கு ஐந்து, ஆட்டம் இன்னும் உயிரோடு இருக்கும்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் பழைய விதியில் இன்னொரு வரியும் இருந்தது. காயைத் தூக்குவதா, அல்லது நகர்வைத் திரும்ப வைக்கச் சொல்லி வெட்டவைப்பதா என்று தேர்ந்தெடுப்பது எதிராளியின் உரிமை. இரண்டு நண்பர்களுக்கு இடையே இதைவிட நல்ல மோதல் கிடைக்காது. ஒருவன் பார்த்துவிட்டான், பார்க்காத மாதிரி நடிக்கிறான். மற்றவனுக்கு அவன் பார்த்தது தெரியும்.

இதையெல்லாம் உள்ளே வைத்து அந்தக் காட்சியை எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும். ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய பலகை வீடு என்று வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மழை விட்டும் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. மாரிமுத்து கோப்பி ஓ கோப்பையை வராண்டாக் கட்டையின் மேல் வைத்துவிட்டு, கவிழ்ந்த மூடி ஒன்றை ஒற்றை விரலால் முன்னே தள்ளினார். நடுவில் ஏற்கெனவே நின்றதற்குத் துணையாக அது போய் நின்றது.

“ஆடு. இருட்டறதுக்குள்ள ஆடு” என்றார்.

செல்லையா ஓரத்து மூடியைத் தொடப் போனார். தொடவில்லை. கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த வீட்டில் தொட்டால் ஆடவேண்டும்.

அவர் பார்த்தது முன்னால் வந்த மூடியை அல்ல. அது எழுந்து வந்த இடத்தை. அங்கே பலகையின் கறுப்புப் பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு மூடி, அதற்கும் அப்பால் மாரிமுத்துவின் வீட்டு வரிசையில் காவலுக்கு நிற்கும் இரண்டு மூடிகள், நடுவே ஒரு காலிக் கட்டம். அந்தக் கட்டத்தில் தன் மூடி ஒன்று உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தார். அங்கிருந்து ஒவ்வொரு படியாகத் தன் பக்கம் இறங்கி வந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் வழி அடைத்தது. அடைத்து நின்றது அவருடைய சொந்த மூடி.

அதைக் கொடுத்துவிட்டால்?

அவர் குனிந்து தன் மடியை ஒட்டிய கடைசி வரிசையைப் பார்த்தார். வலது கைப் பக்கம் ஒரே ஒரு மூடி. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அது நகரவில்லை.

“அந்த மூடிய என்ன, பென்ஷன்ல வச்சிருக்கியா?” என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மாரிமுத்து கேட்டிருந்தார்.

இருக்கிறது. செல்லையா இன்னொரு முறை, இந்தத் தடவை முன்னாலிருந்து பின்னால், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் நடு மூடியை எடுத்து, மாரிமுத்துவின் இரண்டு மூடிகளுக்கும் எதிரே, துணையில்லாமல் கொண்டுபோய் வைத்தார்.

“என்னடா இது, ஓசியாக் குடுக்கிற?”

மாரிமுத்துவின் கை பாதி தூரம் வந்தது. வந்த கை அந்தரத்தில் நின்றது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். முன்னால் போகிற வண்டி இண்டிகேட்டர் போடாமலே எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லுவார். அவர் கண் செல்லையாவின் மூடிக்குப் போயிற்று, அதன் பின்னால் இருந்ததற்குப் போயிற்று, அப்புறம் தன்னுடைய பக்கத்துக்கு வந்தது. எங்கேயும் நிற்காத மாதிரிதான் வந்தது. கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

பிறகு வெட்டவேண்டிய மூடியை விட்டுவிட்டு, பக்கத்து மூடியைச் சும்மா ஒரு கட்டம் முன்னே தள்ளினார்.

“மாரி.”

“என்னா?”

“வெட்டு இருக்கு.”

“அட, ஆமாலா. பாக்கல.” தலையைச் சொறிந்தார். “சரி, சட்டம் சட்டம்தான். அந்த மூடிய எடுத்துக்கோ.” சொல்லிக்கொண்டே அவரே அதை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார்.

செல்லையா அந்த மூடியை எடுத்து, இருந்த கட்டத்திலேயே திரும்ப வைத்தார். மாரிமுத்து தள்ளிய மூடியையும் பழைய கட்டத்துக்கு இழுத்துவிட்டார்.

“மூடி வேணாம். வெட்டு.”

“தூக்கறதுதானே சட்டம்?”

“தூக்கறதா, வெட்டச் சொல்றதாங்கறது என் இஷ்டம். போன வாரம் நீதான் சொன்ன. என்னைய வெட்ட வச்சு நாலு மூடி எடுத்த.”

மாரிமுத்து வாசலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நீ பாத்துட்ட” என்றார் செல்லையா.

“பாத்தா என்னா?”

“பாத்தா வெட்டு.”

மாரிமுத்து வெட்டினார். வெட்டிய மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். செல்லையா பின்னாலிருந்த மூடியை எடுத்தார். பலகையில் அது ஒருமுறை தட்டியது, திசை மாறி இன்னொரு முறை தட்டியது, மறுபடி திரும்பி இரண்டு காவல் மூடிகளுக்கும் நடுவே மூன்றாவது முறை தட்டி நின்றது. அதற்கப்புறம்தான் தாண்டிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“மேல வை” என்றார்.

ராஜாவுக்கு முடி வைப்பது எதிராளியின் வேலை. மாரிமுத்து கையை விரித்தார். உள்ளே இருந்தது, சற்று முன்னால் வெட்டி எடுத்த செல்லையாவின் மூடி. அதை அந்த மூடியின் மேல் அடுக்கி, சரியாமல் விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, மிச்சமிருந்த தன்னுடைய மூன்றையும் பார்த்தார்.

“இன்னும் ஆட்டம் முடியல” என்றார். வலது பக்கத்துக் காவல் மூடியை ஓரத்துப் பக்கமாக ஒரு கட்டம் தள்ளினார்.

இந்தக் கடைசி நகர்வும் பலகையில் உள்ளதுதான். அப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது 1, 3, 12. 12-ஐ 16-க்குத் தள்ளினால் 20-இல் இருக்கும் செல்லையாவின் காய் வெட்டிவிடும். 1-ஐ 6-க்கோ 3-ஐ 7-க்கோ தள்ளினால் புது ராஜா வெட்டிவிடும். உடனே வெட்டுப்படாமல் போக இருக்கும் வழிகள் 1-இலிருந்து 5, 3-இலிருந்து 8, இரண்டே இரண்டுதான். ஆட்டம் தோற்றுப்போன ஆட்டம், ஆனாலும் ஒரு நல்ல ஆட்டக்காரர் அந்த நிலையிலும் தவறான காயைத் தொட மாட்டார். மாரிமுத்து எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஒரு நகர்வு சொல்லிவிடும்.

இந்தக் காட்சி வேலை செய்யவேண்டுமானால் இரண்டு விஷயங்களைக் கதையின் முற்பகுதியிலேயே வாசகருக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும். ஒன்று, வெட்டு கட்டாயம் என்பதும் வெட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதும். “போன வாரம் நீதான் சொன்ன” என்று செல்லையா சொல்வது வெறும் வசனமாக நிற்கக் கூடாது. ஒரு பக்கம் முன்னால், மாரிமுத்து அதே சட்டத்தைக் காட்டிச் செல்லையாவை மடக்கிய அந்த வாரம் இரண்டு மூன்று வரியிலாவது வந்துபோகட்டும். அப்போது அது அலட்டலாகத் தெரிய வேண்டும், கத்தியாகத் தெரியக் கூடாது. மற்றது அந்தப் பென்ஷன் மூடி. அது நகராமல் இருப்பதை முதலில் கேலியாகக் காட்டிவிட்டால், பின்னால் செல்லையா அதைப் பார்க்கும்போது ஏன் பார்க்கிறார் என்று விளக்கவே வேண்டாம். ஆடத் தெரிந்தவருக்குக் காரணம் புரியும். தெரியாதவருக்கு அது முக்கியம் என்பது மட்டும் புரியும், அது போதும்.

தாவும்போது காய்களை எப்போது எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நான் படித்த சில கதைகளில் ஆட்டக்காரர் ஒவ்வொரு தாவலுக்கும் ஒவ்வொரு காயாக எடுத்துக்கொண்டே போவார். சீராக ஆடுபவர்கள் முழுத் தாவலையும் முடித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். 10-க்கு 10 பலகையில் ஆடும் சர்வதேச ஆட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது, ஏனென்றால் எடுக்காத காய் இன்னும் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதே சர்வதேச ஆட்டத்தில் அதிகக் காய் கிடைக்கும் வழியில்தான் வெட்டவேண்டும். ஆங்கில முறையில் எந்த வெட்டையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தொடங்கிய தாவலை முடித்தாக வேண்டும். சில முறைகளில் சாதாரணக் காயும் பின்பக்கம் வெட்டும், சிலவற்றில் ராஜா மட்டும்தான். நான் கொடுத்த நிலையில் ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு வெட்டுதான் உண்டு, பின்பக்க வெட்டு எதுவும் குறுக்கே வராது. ஆகவே உங்கள் வாசகர் எந்த முறையில் ஆடிப் பழகியவராக இருந்தாலும் இந்தத் தாவல் செல்லும்.

பெரிய பலகைதான் வேண்டும் என்று நினைத்தால் இதை அப்படியே நடுவில் தூக்கி வைக்காதீர்கள். அங்கே மூன்றாவது தாவல் மறுகரையில் முடியாது, பலகையின் நடுவில் முடியும். நடுவில் நிற்கும் காயை எதிராளி திருப்பி வெட்டலாம். மாரிமுத்துவின் வீட்டு வரிசை பெரிய பலகையின் மேல் ஓரத்திலேயே இருக்கும்படி முழு நிலையையும் நகர்த்தி, செல்லையாவின் 32-க்குக் கீழே கூடுதலாக வரும் நான்கு வரிசைகளிலும் காய்களை நிரப்பிப் பாருங்கள். நிரப்பும்போது புதிதாக வேறு வெட்டு எதுவும் முளைக்கவில்லை என்று ஒவ்வொரு நகர்வுக்கும் பார்க்கவேண்டும். ஒரே ஒரு வெட்டு கூடுதலாகக் கிடைத்தாலும் மாரிமுத்துவுக்குத் தேர்வு வந்துவிடும், அப்புறம் “வெட்டு” என்று செல்லையா சொல்வதற்கு அர்த்தமில்லை.

எழுதி முடித்ததும் மூடிகளை இந்த நிலையில் பரப்பி, ஆடத் தெரிந்த ஒருவரை மாரிமுத்துவின் பக்கம் உட்காரவைத்து, கதை எதையும் சொல்லாமல் நீங்கள் 23-ஐ 18-க்குத் தள்ளிப் பாருங்கள். அவர் கை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, முகத்தில் முதலில் வருவது சந்தோஷமா சந்தேகமா என்று பார்த்து, மாரிமுத்துவின் கை அந்தரத்தில் நிற்கும் அந்த வரியை மறுபடி எழுதுங்கள்.